பாம்போ விலாங்கோ: வாலைப் பாருங்கோ

வலையில் கிடக்கிற நீளமான உயிரைப் பாம்பா விலாங்கா என்று கேட்டால், எங்களில் முக்கால்வாசிப் பேர் நிறத்தைத்தான் பார்ப்போம். கறுப்பு வரி இருந்தால் பாம்பு என்று முடிவு. ஆனால் கடற்பாம்பைப் போலவே வரி போட்ட விலாங்கும் இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. வரியை நம்பேலாது.

மன்னாரில் இருந்து ஒரு நண்பன், தகப்பனின் வலையில் சிக்கியதைப் படமெடுத்து எங்கட குறூப்பில் போட்டான். சாம்பல் உடம்பு, மங்கலான வரி. "உது விலாங்குதான்டா, வால் தட்டையா இருக்கு" என்று ஒருத்தன் எழுதினான். விலாங்கின் வாலும் தட்டையாகத் தெரியும் என்பது சரிதான். கேள்வி, அந்தத் தட்டை எதால் ஆனது என்பது.

படத்தைப் பெரிதாக்கி வாலின் ஓரத்தைப் பார்த்தோம். விலாங்கென்றால் முதுகில் தொடங்குகிற மெல்லிய செட்டை வாலைச் சுற்றி வயிற்றுப்பக்கம் வரை ஓடும். ஓரம் சவ்வு மாதிரி இருக்கும். இதில் முதுகில் செட்டையே இல்லை. உடம்பு உருண்டையாக வந்து, கடைசியில் மட்டும் துடுப்புப் போலப் பக்கவாட்டில் தட்டையாகி, நுனிவரை தடிப்பாகவே இருந்தது. அது கடற்பாம்பின் வால்.

வாலை மட்டும் வைத்து முடிக்கக்கூடாது. துடுப்பை மேலிருந்து எடுத்தால் கோடு மாதிரித்தான் தெரியும். சில விலாங்குகளுக்கு வால் நுனியில் செட்டையே இல்லாமல் கூராக இருக்கும். அதனால் தோலையும் பார்த்தோம். விலாங்கின் வழுவழுப்பான தோலில் வெளிச்சம் ஒரே பட்டையாக வழுக்கும். செதிள் உள்ள உடம்பில் அது புள்ளி புள்ளியாக உடையும். "அது வலைக்கண்ணின் அச்சு" என்று இன்னொருத்தி சொன்னாள். நல்ல சந்தேகம். வலைக்கோடென்றால் உடம்பைத் தாண்டிப் பலகையிலும் தொடரும். இந்தக் கட்டங்கள் உடம்பின் விளிம்போடு நின்றன. தலைக்குப் பின்னால் விலாங்குக்கு இருக்கிற பூவின் ஓட்டையும் காணேல்ல. கடற்பாம்பு காற்றைத்தான் சுவாசிக்கும், அதுக்குப் பூ இல்லை.

"பாம்பு. கையால தொடவேண்டாம், அசையாட்டிலும்" என்று பதில் போட்டோம். வலையில் மூச்சுமுட்டித் துவண்டு கிடக்கிறது செத்துப்போனது என்றில்லை. கடற்பாம்புக் கடி பல நேரம் பெரிதாக நோகாது. சில மணித்தியாலத்துக்குள் உடம்புத் தசை நோவெடுக்கும், சிறுநீர் கறுக்கும். எங்கட ஆஸ்பத்திரிகளில் வழமையாகப் போடுகிற இந்திய விஷமுறிவு மருந்து தரைப்பாம்புகளுக்கானது. அதனால் நோகேல்ல என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

படத்தில் வாலும் தோலும் தெளிவில்லை என்றால், வடிவாத் தெரிய எடுக்கச் சொல்லி அதைக் கையால் திருப்பச் சொல்லாதேங்கோ. பாம்பென்றே வைத்துக்கொண்டு, நீளத் தடியால் வலையைத் தூக்கிக் கடலில் விடச் சொல்லுங்கோ.