‘பர்சன்டைல் 5’ என்றால் ஐந்து மார்க்கா? ஒரு சிறுவனின் ரிப்போர்ட் தமிழுக்கு வந்த கதை

ஆறு பக்க ரிப்போர்ட். முழுக்க ஆங்கிலம். சோமனூரில் விசைத்தறி ஓட்டும் அந்தத் தம்பதிக்கு அதில் சட்டென்று புரிந்தது மகனின் பெயரும் வயதும்தான். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு, ஆங்கிலவழிப் பள்ளி. படிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்பான். கதை சொல்லச் சொன்னால் ஒரு மணி நேரம் சொல்வான். பள்ளியில் சொல்லித்தான் கோவையில் ஓர் உளவியலாளரிடம் கற்றல் திறன் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வாசிப்புல அஞ்சு மார்க்தான். மூளை சராசரின்னு போட்டிருக்காங்க” என்றார். அப்பா அன்றைக்கு ராத்திரி ஷிப்டுக்குப் போகவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்சம் வளர்ந்ததும் தறியிலேயே பழக்கிவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. உறவினர் ஒருவர் மூலமாக பீளமேட்டில் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போனார். மருத்துவமனைக் காகிதங்களையும் பள்ளிக் காகிதங்களையும் தமிழாக்கித் தருவது அவருடைய வேலை.

ஐந்து மார்க் இல்லை, ஐந்தாவது இடம்

மொழிபெயர்ப்பாளர் முதலில் எடுத்தது அந்த ‘ஐந்தை’த்தான். ரிப்போர்ட்டில் இருந்தது, சொற்களை வாசிக்கும் சோதனையில் ‘பர்சன்டைல் 5’ என்று. பர்சன்டேஜ் வேறு, பர்சன்டைல் வேறு. முதலாவது, நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்பது. இரண்டாவது, வரிசையில் எந்த இடம் என்பது. இரண்டையும் ‘சதவிகிதம்’ என்று எழுதிவிட்டால், பரீட்சை மார்க்கை மட்டுமே பார்த்துப் பழகிய பெற்றோருக்கு அது ‘பெயில்’ என்றுதான் காதில் விழும்.

அவர் இப்படி எழுதினார்: ‘இதே வயதுள்ள 100 பிள்ளைகளை வாசிப்புத் திறன்படி வரிசையில் நிறுத்தினால், சுமார் 5 பேர் உங்கள் மகனுக்குச் சமமாகவோ கீழாகவோ இருப்பார்கள். மற்றவர்கள் மேலே இருப்பார்கள். இது மதிப்பெண் அல்ல.’ பர்சன்டைல் என்ற சொல்லையும் 5 என்ற எண்ணையும் அப்படியே விட்டு, அதன் கீழே இந்த விளக்கத்தைச் சேர்த்தார். நாளைக்கு வேறொரு மருத்துவர் பார்த்தாலும் எண் மாறாமல் இருக்க வேண்டும் அல்லவா?

அடுத்தது இரண்டு ஸ்கோர்கள். அறிவுத்திறன் 96, வாசிப்பு 76. மார்க்காகப் பார்த்தால் இரண்டுமே ‘பரவாயில்லை’ ரகம். ஆனால் இந்த அளவுகோலில் 100 என்பது முழு மதிப்பெண் இல்லை, நடுப்புள்ளி. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். அப்படியானால் 96 என்பது நடுவுக்கு மிக அருகில். 76 நன்றாகவே கீழே.

96-க்குப் பக்கத்தில் ‘91 முதல் 101’ என்று இன்னொரு குறிப்பும் இருந்தது. வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடத் தோன்றும். அவர் விடவில்லை. ‘எந்தச் சோதனையிலும் அளவீட்டில் சிறிது ஏற்ற இறக்கம் இருக்கும். அதையும் கணக்கில் எடுத்தால், இவனுடைய உண்மையான ஸ்கோர் 91-க்கும் 101-க்கும் இடையில் இருக்கும் என்று 95 சதவிகித நம்பிக்கையோடு சொல்லலாம்’ என்று எழுதினார். ஒற்றை எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டு, அடுத்த முறை 94 வந்தால் ‘மூளை குறைந்துவிட்டது’ என்று பயப்படும் வீடுகளை அவர் பார்த்திருக்கிறார்.

மூன்றாவதாக, ‘வாசிப்பு நிலை: 1.8’. அம்மா கேட்டது இதைத்தான். “ஏனுங்க, அப்ப இவன ஒண்ணாவதுக்கே திரும்பப் போட்டுருவாங்ளா?”

1.8 என்றால், ஒன்றாம் வகுப்பின் எட்டாவது மாதத்தில் இருக்கும் ஒரு சராசரிப் பிள்ளை இந்தச் சோதனையில் எடுக்கும் அளவை இவன் எடுத்திருக்கிறான் என்று அர்த்தம். எந்த வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கணக்கிலோ, பொது அறிவிலோ அவன் ஒன்றாம் வகுப்பு நிலையில் இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. இந்த வரிக்கும் தமிழில் ஒரு விளக்கம் சேர்ந்தது.

‘சராசரி’ என்ற சொல் படுத்தும் பாடு

எண்களைவிடச் சொற்கள்தான் அதிகம் சிரமப்படுத்தின. அறிவுத்திறன் ‘ஆவரேஜ்’ என்று ரிப்போர்ட் சொல்கிறது. தமிழில் ‘சராசரி’. அகராதிப்படி சரி. ஆனால் நம் வீடுகளில் ‘சராசரிப் பையன்’ என்றால் ‘சுமாரா படிக்கிறவன்’ என்று பொருள். உளவியலாளர் சொன்னது நல்ல செய்தி, வீட்டில் கேட்டது கெட்ட செய்தி. எனவே ‘சராசரி அளவில் உள்ளது, அதாவது, இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருக்கும் அளவு’ என்று அவர் எழுதினார். ‘நல்ல அறிவுத்திறன்’ என்று எழுதவில்லை. ரிப்போர்ட் அப்படிச் சொல்லவில்லையே.

அடுத்து, கண்டறிந்த நிலை. வாசிப்பில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’. இதை ‘மனவளர்ச்சிக் குறைபாடு’ என்று எழுதிவிட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும். அறிவுத்திறன் சராசரியாக இருந்தும் வாசிப்பு மட்டும் தடுமாறுகிறது என்பதுதான் இந்த ரிப்போர்ட்டின் சாரம். ‘குறிப்பிட்ட’ என்ற சின்னச் சொல்லை விட்டுவிட்டால்கூட, பையனுக்கு எதையுமே கற்க முடியாது என்று ஆகிவிடும்.

இங்கே உறவினர் குறுக்கிட்டார். “குறைபாடுன்னு போடாதீங்க. மனசு ஒடஞ்சு போயிருவாங்க. ‘படிப்புல சின்னச் சிக்கல்’னு போடுங்களேன்.”

அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளை இத்தகைய பிள்ளைகளுக்குக் கேட்க முடியும். ‘சின்னச் சிக்கல்’ என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கும் பெற்றோர், அந்த வயது வரும்போது கேட்கவே மாட்டார்கள். அதனால் சொல்லை மென்மையாக்காமல், ஆங்கிலப் பெயரையும் பக்கத்திலேயே வைத்து, அடுத்த வரியில் பொருளை விளக்கினார். ஆறு பக்கத்திலும் அதே ஒரே சொல். ஓரிடத்தில் குறைபாடு, ஓரிடத்தில் கோளாறு, இன்னோரிடத்தில் பிரச்னை என்று மாற்றி எழுதினால், மூன்று நோய் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கணக்குப் பகுதியில் வேறு விதமான கவனம் தேவைப்பட்டது. அங்கே உளவியலாளர் எதையும் உறுதிப்படுத்தவில்லை. ‘சிரமம் இருக்க வாய்ப்புண்டு, ஓராண்டு கழித்து மீண்டும் மதிப்பிட வேண்டும்’ என்றுதான் எழுதியிருந்தார். வாசிப்பில் ‘இருக்கிறது’, கணக்கில் ‘இருக்கலாம்’. தமிழிலும் இந்த வித்தியாசம் அப்படியே நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ‘வாசிப்பிலும் கணக்கிலும் குறைபாடு’ என்று ஒரே வாக்கியமாக்கினால், மருத்துவர் சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பு சொன்னதாகிவிடும்.

பையன் சில ஆங்கில எழுத்துகளை மாற்றி வாசித்ததற்கு எடுத்துக்காட்டுகளும் இருந்தன. பெற்றோருக்குப் புரியட்டும் என்று ‘ல, ள’ குழப்பமாக அதை மாற்றலாமா? கூடாது. சோதனை ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் வாசிப்பைச் சோதிக்கவே இல்லை. தமிழ் எழுத்தைப் போட்டால், இல்லாத ஒரு சோதனை முடிவு முளைத்துவிடும். ‘இந்த வாசிப்புச் சோதனை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தப்பட்டது’ என்ற ரிப்போர்ட் வரியை, கண்ணில் படும்படி தனிப் பத்தியாக வைத்தார்.

ட்யூஷன் வேறு, இது வேறு

கடைசிப் பக்கம் பரிந்துரைகள். ‘ரெமிடியல்’ பயிற்சி, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 45 நிமிடம், சிறப்புக் கல்வியாளரிடம். இதைத் ‘தனிப்பயிற்சி’ என்று எழுதினால் அது ட்யூஷனாகிவிடும். ட்யூஷனில் வகுப்புப் பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுப்பார்கள். இதில் எழுத்தையும் ஒலியையும் இணைப்பதிலிருந்து படிப்படியாக வாசிப்பையே கற்றுத் தருவார்கள். ‘வாசிப்புக்கான சிறப்புப் பயிற்சி, பாட ட்யூஷன் அல்ல’ என்று எழுதினார்.

‘செய்ய வேண்டும்’, ‘செய்வது நல்லது’, ‘பரிசீலிக்கலாம்’ என்று ரிப்போர்ட்டில் மூன்று அழுத்தங்கள் இருந்தன. கண், காது பரிசோதனை முதல் வகை. எழுதித் தரும் உதவியாளர் மூன்றாவது வகை. எல்லாவற்றையும் ‘வேண்டும்’ ஆக்கினால் செலவுக்குப் பயந்து எதையும் செய்யாமல் போகலாம். எல்லாவற்றையும் ‘லாம்’ ஆக்கினால் காதுப் பரிசோதனையையே தள்ளிப்போடலாம். அரசு தரும் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இந்த ரிப்போர்ட்டே சான்றிதழ் ஆகாது என்ற வரியையும் அவர் அழுத்தம் குறையாமல் கொண்டு வந்தார்.

தமிழ்ப் பிரதியை முதலில் உளவியலாளரே படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார். பிறகு பெற்றோரை உட்கார வைத்து, “இதுல என்ன சொல்லியிருக்குன்னு நீங்களே சொல்லுங்க” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். ‘புரிஞ்சுதுங்களா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். திருப்பிச் சொல்லும்போதுதான் எங்கே இடறுகிறது என்று தெரியும்.

அப்பா தன் பாஷையில் சொன்னார். “நூலு நல்ல நூலுதானுங்க. தறியில ஒரே எடத்துல மட்டும் அறுந்து அறுந்து போவுது. அங்க நின்னு முடிச்சுப் போட்டா முழுசா சரியாயிருமுங்க.”

முதல் பாதி ரிப்போர்ட்டில் இருப்பதுதான். கடைசி வாக்கியம் அதில் இல்லை. பயிற்சியால் வாசிப்பு முன்னேறும் என்றுதான் உளவியலாளர் எழுதியிருந்தார். முழுசாக மறைந்துவிடும் என்று எங்கேயும் இல்லை. அந்த வரியை மொழிபெயர்ப்பாளர் விரல் வைத்துக் காட்டி, இன்னொரு முறை மெதுவாக வாசித்தார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப பெரிய கிளாசு போனாலும் கூட நேரம் கேக்கோணும், இல்லீங்களா?” என்றார்.

பிறகு வந்த கேள்விகள் பலவற்றுக்கு ரிப்போர்ட்டில் விடை இல்லை. இப்போது போகும் ட்யூஷனை நிறுத்திவிடலாமா? தமிழ்வழிப் பள்ளிக்கு மாற்றினால் எளிதாக இருக்குமா? தமிழில் வாசிக்கவும் ஒரு சோதனை உண்டா? அதற்குத் தானாகப் பதில் சொல்லும் வேலை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, உளவியலாளரை அடுத்த முறை பார்க்கும்போது கேட்பதற்காக அம்மாவின் கையில் கொடுத்தார்.