நாற்பத்தைந்து ரூபாய்

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணன் தம்பி கதை ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள் கவனமாகப் படிக்கவும்!

அப்பா விட்டுப்போன கடை. இருவரும் துண்டுச்சீட்டில் பில் போடுவார்கள். அண்ணன் கூட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது "சீனி இருக்கா?" என்று கேட்டால், கையில் வைத்திருந்த மிச்சத்தை விட்டுவிடுவார். 565 வர வேண்டியது 465 ஆகிவிடும். தம்பி போனில் பேசிக்கொண்டே எழுதுவதால் 72 ரூபாய் உளுந்து 27 ஆகிவிடும்.

"கல்லாவுல உக்கார வைக்கிற ஆளா இது?" என்பார் அண்ணன், வாடிக்கையாளர் முன்னாலேயே. "அண்ணனுக்குக் கண்ணாடி வாங்க ஆளுக்குப் பத்து ரூபா போடுங்க" என்பார் தம்பி. சிலர் இதைக் கேட்கவே ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பார்கள். எனக்கு அது பிடிக்காது.

ஒருநாள் இரவு கடை சாத்தும் நேரம். பகலெல்லாம் பில் போட்டுப் பணம் வாங்கியவர் தம்பி. அண்ணன் பில் நகல்களைப் பார்த்து நாள் நோட்டில் தொகைகளை ஏற்றிக் கூட்டினார். கல்லாவில் 45 ரூபாய் குறைந்தது. "எங்கடா போச்சு?" என்று கேட்டார். அது வழக்கமான கேலியாக இல்லை. நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது.

நான் நோட்டைக் கேட்டு வாங்கினேன். 45 ஒன்பதால் மீதியின்றி வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி எழுதினால் வித்தியாசம் எப்போதும் அப்படித்தான் வரும். (மிச்சத்தை விட்டிருந்தால் 10, 100 என்று குறையும்.) ஈவு 5. எனவே இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் ஐந்து வித்தியாசம் இருக்க வேண்டும்: 16-61, 27-72, 38-83 போல. இது எங்கே தேட வேண்டும் என்றுதான் காட்டும், உறுதி சொல்லாது. 90 ஐ 9 என்று எழுதினாலும் ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்தான் வரும்.

நகல்களைப் புரட்டினோம். பதினோராவது சீட்டில் 527. நோட்டில் 572. அண்ணன் கையெழுத்து.

தம்பிக்குக் கிடைக்காமல் கிடைத்த வாய்ப்பு. எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் நோட்டை மூடி, "சரியாப் போச்சுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷட்டரை இழுக்கப் போனார். அண்ணன் வெகுநேரம் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த பத்து நாள் கடையில் சத்தமே இல்லை. அந்த அமைதியைப் பார்த்த பிறகு பழைய சண்டையே தேவலை என்று பட்டது. பிறகு ஒரு காலை, அண்ணன் என் பில்லில் நூறு ரூபாயை விட்டுவிட்டார். தம்பி எட்டிப் பார்த்துப் பேசாமல் திருத்தி நீட்டினார்.

"ஏன்டா, வாயில கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்" என்றார் அண்ணன்.

"கண்ணாடிக்கு இன்னும் பத்து ரூபா குறையுது சார்" என்றார் தம்பி, என்னைப் பார்த்து.