இரண்டு ‘ண’

திருவண்ணாமலை நாலு அடிக்குள் அடங்க வேண்டும். மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில் இருந்த பார்சல் லாரி ஆபீஸுக்குப் போர்டு எழுத வந்த பெரியவருக்கு அன்று காலை அதுதான் கவலை. சரக்கு போகும் ஊர்களின் பெயர்களை வரிசையாக எழுத வேண்டும். கோவையும் சென்னையும் பிரச்னை இல்லை. திருவண்ணாமலைதான் நீளம்.

தகரப் பலகைக்கு இரண்டு நாள் முன்பே மஞ்சள் எனாமல் அடித்துக் காய வைத்திருந்தார். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டார். பலகையில் நேர்கோடு விழுந்தது. ஆறு அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் ஊர் நிற்க வேண்டும்.

லாரி ஆபீஸ் முதலாளியின் அக்கா மகள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டிசைனர். செல்போன் செயலிகளில் எந்த எழுத்து எங்கே, எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்தவள், காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

“ஸ்கேல் வச்சு அளக்க மாட்டீங்களா ஐயா?”

“அளந்துட்டேன் தாயி. தி, ரு, வ, ம, இதெல்லாம் ஆளுக்கு ஒரு பங்கு. மூணு சுழி ண்-க்கு ஒன்றரை. காலோட வர்ற ணா-வுக்கு ரெண்டு. லை-க்கும் ரெண்டு. கூட்டினா ஒன்பதரைப் பங்கு. நாலு அடிங்கறது நாப்பத்தெட்டு அங்குலம். ஒரு பங்குக்கு அஞ்சு அங்குலம் போட்டாலும் அரை அங்குலம் மிஞ்சும்.”

சாக்பீஸால் லேசாக எழுத்துகளை வரைந்துகொண்டு, டப்பாவில் சிவப்பு எனாமலில் கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றிக் கலக்கினார். பிரஷ்ஷை முக்கித் தூக்கிப் பார்த்தார். கட்டியாக இருந்தால் முடியின் தடம் பலகையில் தெரியும். தண்ணியாக இருந்தால் வடியும். நூல் பிடித்தாற்போல் இறங்கியதும்தான் எழுத ஆரம்பித்தார். நுனியில் துணி சுற்றிய குச்சியை இடது கையால் பலகையில் சாய்த்து, அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டார். தட்டை பிரஷ் ஒரே இழுப்பில் ‘வ’வின் வளைவைச் சுற்றி வந்தது.

மதியம் அவர் சாப்பிடப் போனபோது அவள் ஏணியில் ஏறி, மாமாவின் மேசையில் இருந்த ஸ்கேலை எழுத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ‘வ’வின் கோடு ஒரு அங்குலத் தடிமன். ‘ண’வின் வெளிக்கோடும் ஒரு அங்குலம். ஆனால் உள்ளே இருந்த கோடுகள் முக்கால் அங்குலம்தான். கீழே இறங்கி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தடிமனாகத் தெரிந்தது. உள்ளேயும் ஒரு அங்குலம் போட்டிருந்தால் சுழிகளுக்கு நடுவில் மஞ்சளே இருந்திருக்காது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது சிவப்புக் கட்டியாகத்தான் தெரிந்திருக்கும்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. போனில் எடுத்த படங்களை லேப்டாப்பில் ஏற்றி, ஒவ்வொரு எழுத்தாக ஓரம் பிடித்து வெட்டினாள். பெரியவரின் கையெழுத்தைக் கணினி எழுத்துரு ஆக்கிவிடலாம் என்று ஆசை. வெட்டிய எழுத்துகளை மாற்றி அடுக்கி, திண்டுக்கல் என்று சேர்த்தாள்.

மறுநாள் காலை போனை நீட்டினாள். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“எழுத்து என்னுது. ஊரு என்னுது இல்ல.”

“ஏன் ஐயா?”

“இந்த ண் பக்கத்துல இன்னொரு ண வர்றதுக்காக எழுதுனது. ரெண்டும் ஒட்டி நிக்கணும்னு வலது பக்கம் குறுக்கிட்டேன். இதுல பக்கத்துல டு. ட-வுக்கு மேல பாரு, வலது பக்கம் காலி மனை மாதிரி கிடக்கும். இந்தப் பக்கம் ஒல்லியா, அந்தப் பக்கம் காலியா இருந்தா ஊரே ரெண்டா உடைஞ்ச மாதிரி தெரியுது.”

அவள் போர்டை நிமிர்ந்து பார்த்தாள். திருவண்ணாமலையில் இருந்த இரண்டு ‘ண’வும் ஒன்றல்ல. முதலாவது வலப்பக்கம் ஒடுங்கியிருந்தது. இரண்டாவது கொஞ்சம் அகலமாகக் கால் வரை தாராளமாக நின்றது. நேற்று அளக்கும்போதுகூட இது அவள் கண்ணில் படவில்லை.

“கம்ப்யூட்டர்லயும் அப்படிச் செய்யலாம் ஐயா. ஒரே ண-வுக்கு மூணு உருவம் கொடுத்து வைக்கலாம். பக்கத்துல எந்த எழுத்து வருதுன்னு பார்த்து அதுவே மாத்திக்கும்.”

“அட! அது பக்கத்தைப் பார்க்குமா?” அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அப்புறம் அதை யாரு வேணா எடுத்துக்கலாமா?”

“விலைக்குப் போடலாம். வர்ற காசுல உங்களுக்குப் பாதி.”

“ஃப்ளெக்ஸ் கடைக்காரன் காசு கொடுக்காம எடுத்தா?”

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. “வெளியே போயிட்டா தடுக்கறது கஷ்டம் ஐயா.”

பெரியவர் தலையாட்டினார். ஒன்றும் பேசாமல் சென்னையை எழுதினார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தெருவில் ஆறு பேர் செய்த தொழிலை இப்போது இவர் ஒருவர்தான் செய்கிறார். எழுத்து நல்லா இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த மாமாவும் இவரைக் கூப்பிட்டிருந்தார். அது அவளுக்கும் தெரியும். அன்று சாயங்காலம் வரை அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசி வரியும் முடிந்ததும் பெரியவர் குடோனுக்குள் போய்ப் பழைய போர்டு ஒன்றைத் தூக்கிவந்தார். மாமாவின் அப்பா காலத்துப் பலகை. எழுதியவர் பெரியவரின் குரு. அதிலும் திருவண்ணாமலை இருந்தது. ஆனால் அந்த ‘லை’யில் முன்னால் இரட்டைச் சுழி இல்லை, ‘ல’வின் தலையிலேயே யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு ஏறியிருந்தது. ‘ணா’வுக்குத் தனியாகக் கால் இல்லை; எழுத்தின் உடம்பிலிருந்தே அது கீழே வளைந்து இறங்கியது.

“1978-ல எம்.ஜி.ஆர். காலத்துல, பெரியார் எழுத்துன்னு சொல்லி பதிமூணு எழுத்தை மாத்தினாங்க. நான் அப்போ தொழில் பழகுற பையன். அடிக்கறதுக்கும் அச்சுக் கோக்கறதுக்கும் புதுசுதான் சுலபம், மறுக்கல. ஆனா இதுல பாரு, லை-க்கு ஒன்றரைப் பங்கு போதும். ஊரு அடக்கமா உட்கார்ந்துரும்.”

அவள் குனிந்து அந்த வளைவை விரலால் தடவினாள். கணினியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் தட்டச்சு ஒன்றேதான். எந்த உருவம் திரையில் தெரிய வேண்டும் என்பதை எழுத்துருதான் முடிவு செய்கிறது. பழைய உருவத்தை உள்ளே வைத்துவிட்டால், வேண்டும் என்பவர் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இதை அவள் சொன்னதும் பெரியவர் பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

“அப்ப இந்தப் பதிமூணையும் எழுதித் தர்றேன். ஒவ்வொண்ணும் பக்கத்துல யாரு வந்தா எப்படி நிக்கும்னும் சேர்த்து எழுதித் தர்றேன். இதை எழுதச் சொல்லி நாப்பது வருஷமா யாரும் என்னைக் கூப்பிடல. இது சோறு போடாத எழுத்து, எடுத்துக்க. சோறு போடுறதை என் கை ஓடுற வரைக்கும் நானே வச்சுக்கறேனே தாயி.”

“அதுக்கும் பாதிக் காசு உண்டு ஐயா.”

“கொடு. ஓசியில எழுதிப் பழக்கமில்லை” என்று சிரித்தபடி, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசப் போனார்.