கவுண்டர் நேரம்

2024 ஏப்ரல் நடுவில், என் பெரியம்மா மகள் வேலை பார்த்த வங்கிக் கிளையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. 30ஆம் தேதியோடு அக்கா ஓய்வு பெறுகிறாள். "மேடத்துக்குப் பொருத்தமா ஒரு பத்துப் பொன்மொழி எழுதிக் குடுங்க. வாழ்த்து மடல்ல போட்டு லேமினேட் பண்ணணும்" என்றார் அவளுடன் வேலை பார்க்கும் இளைஞர். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு, அதிலும் கவிதை எழுதுகிறவளுக்கு, இது பத்து நிமிட வேலை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஓய்வு வாழ்த்துகளுக்கென்று ஒரு மொழி இருக்கிறது. என் கல்லூரியில் பல விழாக்களில் அதைக் கேட்டிருக்கிறேன். ஆணுக்கு என்றால் இரண்டாவது இன்னிங்ஸ், புதிய பயணம், அனுபவக் களஞ்சியம். பெண்ணுக்கு என்றால் அன்னையைப் போன்றவர், இனி பேரப்பிள்ளைகளோடு மகிழ்ந்திருப்பார். அதே அச்சில் பத்து வரிகளை வார்த்து எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதுரையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலை எடுத்து, வவுச்சர் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

முதலில் அடிபட்டது 'ஓய்வு'. "அஞ்சரைக்கு எந்திரிச்சு ரெண்டு வேளைக்குச் சமைச்சு, எட்டு நாப்பது பஸ்ஸப் பிடிச்சேன். சாயங்காலம் வந்து திரும்ப அடுப்படி. இதுல பேங்க் மட்டும்தான் நிக்கப்போகுது. மிச்சத்துல இருந்து யார் எனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தா?"

அடுத்தது 'பதவியை நாடாத எளிமையாளர்' என்ற வரி. அதை அடிக்கவில்லை. பென்சிலை அதன்மேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

1986இல் தேர்வெழுதி எழுத்தராகச் சேர்ந்தவள் அக்கா. 1994இல் அதிகாரி பதவி உயர்வுக்கான தேர்விலும் தேறினாள். அதிகாரி ஆனால் இடமாற்றம் உண்டு. அவளுக்கு வெளிமாவட்டத்தில் போட்டார்கள். மகனுக்கு அப்போது மூன்று வயது, மாமியார் படுக்கையில். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். சில வருடங்கள் கழித்து அரசு அலுவலகத்தில் இருந்த அத்தானுக்குப் பதவி உயர்வு கோயம்புத்தூரில் வந்தது. அவர் நான்கு வருடம் அங்கே தங்கி, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்துபோனார். அதை யாரும் தியாகம் என்றோ பேராசை என்றோ சொல்லவில்லை. வேலை என்றார்கள்.

"நாடாதவ இல்லடி. நாடி, கிடைச்சு, எழுதிக் குடுத்தவ. அந்தக் கடுதாசியோட நகல் இன்னும் பீரோவுல இருக்கு" என்றாள். வங்கிகளில் முப்பது, நாற்பது வருடம் எழுத்தராகவே இருந்து ஓய்வு பெறும் பெண்களில் இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பணிப்பதிவேட்டில் 'பதவி உயர்வை மறுத்தார்' என்று மட்டும்தான் இருக்கும். மறுக்க வைத்தது யார் என்பதற்கு அதில் பத்தி கிடையாது.

மூன்றாவதாக அடித்தது 'இனி முழுநேரமும் குடும்பத்துக்காக'. இதை அடித்த கோடு தாளைக் கிழித்துவிட்டது. காரணம் மறுநாள்தான் தெரிந்தது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு தீர்மானங்கள் எடுக்கப்பட்டிருந்தன. ஒன்று, ஜனவரியில் பிறந்த பேத்தியைப் பார்த்துக்கொள்ள அவள் பெங்களூருக்குப் போய்விடுவாள். இரண்டு, பென்ஷனைக் 'கம்யூட்' செய்து வரும் பணம் மகனின் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம்.

கம்யூட் செய்வது என்பது இதுதான். வங்கி ஓய்வூதியர், அடிப்படை ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரே தடவையில் மொத்தத் தொகை வாங்கிக்கொள்ளலாம். அடிப்படை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாயை விட்டுக்கொடுக்கும் அறுபது வயதுக்காரருக்குப் பதினொரு லட்சத்துக்கு மேல் வரும். மாதாமாதம் அந்தப் பத்தாயிரம் குறையும். பதினைந்து வருடம் கழித்துத்தான் அது திரும்பச் சேரும். அக்காவுக்கு அப்போது எழுபத்தைந்து.

இது மோசமான ஏற்பாடு இல்லை. அந்தத் தொகையைத் தன் பெயரில் போட்டு வைத்துப் பயனடைந்தவர்கள் உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவளை யாரும் கேட்கவே இல்லை. மொத்தத் தொகை வந்த மாதமே மகன் கணக்குக்குப் போய்விடும். மாதம் குறையும் பத்தாயிரத்தைப் பதினைந்து வருடம் அவள்தான் சுமக்க வேண்டும். கவுண்டரில் இருந்த காலத்தில் கேஷ் குறைந்தால் கேஷியர் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஒருமுறை ஐந்நூறு ரூபாய் குறைந்து தன் பர்ஸிலிருந்து கட்டியிருக்கிறாள். "அது நான் எண்ணுன நோட்டு, நான் கட்டுனேன். இதை எண்ணுனது யாரு?" என்று கேட்டாள்.

அக்கா சண்டை போடவில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை இல்லாமலே கம்யூட் செய்யலாம். ஆகவே அவசரமில்லை என்றாள். கிராஜுவிட்டியில் ஒரு பகுதியை, தொகையைத் தானே முடிவு செய்து மகனுக்குக் கொடுத்தாள். ஓய்வூதியம் வருவதற்குத் தன் ஒருத்தி பெயரில் தனிக்கணக்குத் தொடங்கினாள். முப்பத்தெட்டு வருடச் சம்பளம் போனது கூட்டுக் கணக்கில்.

ஜூலையில் மருமகளின் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்தது. அக்கா பெங்களூருக்குப் போனாள், திரும்பி வரும் ரயில் டிக்கெட்டையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு. மூன்று வாரம் இருந்தாள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்திருக்கிறது, உன் ஆபீஸில் கேட்டாயா என்று மருமகளிடம் கேட்டாள். பிறகு மகனிடம், உன் ஆபீஸில் நீ கேட்டாயா என்றாள். அவன் கேட்டிருக்கவில்லை. அது அம்மாக்கள் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைத்திருந்தான். அவள் ஊர் திரும்பியபின் அவன் இரண்டு வாரம் தொலைபேசியில் பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் அக்கா சரியாகத் தூங்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை இப்போது காப்பகத்துக்குப் போகிறது. காலையில் கொண்டுபோய் விடுவது அப்பா.

மதுரையில் அக்காவுக்கு இப்போது கவுண்டர் நேரம் உண்டு. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை மாடி அறையில் இருப்பாள். முதல் மாதம் சும்மா உட்கார்ந்திருந்தாள். கை தானாகத் தாள்களை நூறு நூறாக எண்ணியதாம். பிறகு செய்தித்தாள். முப்பத்தெட்டு வருடம் அத்தான் படித்து மடித்த பிறகே அவள் கைக்கு வந்த தாளை இப்போது முதலில் அவள் பிரிக்கிறாள். அந்த நேரத்தில் காபி வேண்டுமென்றால் அத்தானே போட்டுக்கொள்கிறார். சர்க்கரை கூடிப்போகிறது என்று புகார். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறாள். பிரேக் பிடிக்கும்போது இரண்டு காலையும் தரையில் ஊன்றிவிடுகிறாள். இன்னும் பழக்கம் விடவில்லை.

வாழ்த்து மடலில் கடைசியில் மூன்று வரிதான் போட்டார்கள். அக்கா பென்சிலால் டிக் அடித்தவை அவ்வளவுதான்.

இவர் எண்ணியது ஒருநாளும் பிறர் பணத்துக்குக் குறைவாக இருந்ததில்லை.

1994இல் இவர் அதிகாரியாகத் தேர்ச்சி பெற்றார்.

இனி இவருடைய நேரத்தை இவரிடம் கேட்டுப் பெறவும்.

இரண்டாவது வரியை மேலாளர் மேடையில் வாசித்தபோது அரங்கில் சிறு சலசலப்பு. பலருக்கு அது புதுச் செய்தி. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தான் சால்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்வரிசையில் இருந்த மூத்த எழுத்தர்கள் இருவர், பெண்கள், கைதட்டத் தொடங்கினார்கள்.