மரத்தில் தொங்கிய சோற்று மூட்டை



சேலையூரில் இப்போது டீச்சராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "டீச்சர், எட்டாம் வகுப்புல எங்களுக்கு வேதாரண்யம் பாடத்தை நாடகமா நடத்துனீங்களே, அதை எப்படிப் பண்ணுனீங்க? என் பிள்ளைங்க சரித்திரம்னாலே தூங்குதுங்க" என்றாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. அவளைப் போல வகுப்பறையில் நிற்கும் பிள்ளைகள் உங்களில் பலர் இருப்பதால் முழுவதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதை. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 150 மைல். பதினைந்து நாள் நடை. ஒரு நாளைக்குப் பத்து மைல் என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது, "தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே கிண்டி தாண்டி நட, சித்திரை வெயிலில், மறுநாள் மறுபடி நட" என்றால் புரியும். வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை ஏற்பாடுகளைக் கவனித்தார். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளினார், கைதானார். கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்தைப் பார்த்திருக்கிற பிள்ளைகளுக்கு உப்பு எப்படிக் கிடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உப்பு அள்ளும் காட்சியை நான் நடிக்கச் சொன்னதே இல்லை. ஒருவன் குனிந்து அள்ளுவான், நான்கு பேர் லத்தியால் அடிப்பதாகப் பாவனை செய்வார்கள், மீதி நாற்பது பேர் கோஷம் போடுவார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் எதையும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நான் எடுத்துக்கொண்டது வழியில் கிடைத்த சோறு. அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ற வெள்ளைக்காரர். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை என்று எச்சரித்துத் துண்டுப் பிரசுரம் விட்டார், தண்டோரா போடச் சொன்னார். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தன் வீட்டில் இடம் கொடுத்துச் சிறைக்குப் போனார். பல ஊர்களில் ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று தெரிந்தால்தானே பிடிக்க முடியும்!

இப்போது பாடம். நாற்பது நிமிட வகுப்பு இரண்டு வேண்டும், அடுத்தடுத்த நாட்களில். வசனம் எழுதிக் கொடுக்கக் கூடாது. வேஷம், மேக்கப் எதுவும் வேண்டாம்; ஒரு துண்டும் ஒரு பெஞ்சும் போதும். முதல் பத்து நிமிடம் மேலே சொன்ன கதையைச் சொல்லுங்கள், ஆனால் மரத்தில் தொங்கிய சோற்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். அது மறுநாளைக்கு.

பிறகு ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வீட்டைக் கொடுங்கள். வீடு என்றால் இழப்பதற்கு ஏதாவது உள்ள வீடு. ஒரு வீட்டில் அப்பா கிராம முன்சீப், சர்க்கார் சம்பளம். இன்னொரு வீட்டில் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மற்றொன்றில் ஒரு விதவைத் தாய், மகன் போலீஸில் கான்ஸ்டபிள். இதைச் செய்யாவிட்டால் எல்லாக் குழுவும் "வாங்க வாங்க, சாப்பிடுங்க" என்று ஒரே காட்சியை நடிக்கும். எட்டாம் வகுப்பில் எல்லோரும் தியாகிதான்.

நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தண்டோராக்காரனாக உள்ளே வருவேன். டெஸ்க்கைத் தட்டி உத்தரவைச் சொல்வேன். இங்கிலாந்தில் டாரதி ஹீத்கோட் என்ற அம்மையார் இப்படி ஆசிரியரே ஒரு பாத்திரமாக வகுப்புக்குள் இறங்கும் முறையைப் பெரிதாக வளர்த்தவர். டீச்சர் வெளியே நின்று "ம், நடி" என்றால் பிள்ளைகள் டீச்சரைப் பார்த்துத்தான் நடிப்பார்கள். உள்ளே வந்துவிட்டால் பதில் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

சொல்லிவிட்டு வெளியேறுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று நிமிடம். கேள்வி ஒன்றே: இன்று ராத்திரி நூறு பேர் நம் ஊர் வழியாக வருகிறார்கள், என்ன செய்யப் போகிறோம்? அடிதடி கிடையாது. முடிவு எடுப்பதற்கு முன்பே கையைத் தட்டி "சிலை" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போகட்டும். மறுநாள் பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள், "டீச்சர், அப்புறம் என்ன ஆச்சு?" என்று.

பாடம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "பாரத மாதாவின் விடுதலைக்காக" என்று வசனம் வந்தால் பிள்ளைகள் மேடைப் பேச்சுக்குப் போய்விட்டார்கள். "ஆறு மாசம்னா கல்யாணத்தை யாரு நடத்துறது?" என்று கேட்டால் 1930க்குள் நுழைந்துவிட்டார்கள். ஒரு வருஷம் அந்த முன்சீப் வீட்டுப் பெண், "நாம குடுக்க வேணாம்ப்பா. பின்கட்டுல வச்சுட்டு விளக்கை அணைச்சிடலாம்" என்றாள். மரத்துச் சோற்றைப் பற்றி நான் இன்னும் சொல்லவே இல்லை! அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்ததை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

இரண்டாம் நாள் முதலில் மரத்தில் தொங்கிய சோற்றைச் சொல்வேன். வகுப்பே கை தட்டும். அந்த உற்சாகம் அடங்குவதற்குள் அடுத்த காட்சி: வெயிலில் வந்த கான்ஸ்டபிள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். அந்த வேஷத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அந்த வருஷம், அப்பா நிஜமாகவே போலீஸில் இருந்த ஒரு பையன் தானாக எழுந்து வந்தான். பாட்டியாக இருந்த பெண் சொம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "பாட்டி, நானும் சம்பளத்துக்குத்தான் நிக்கிறேன். எனக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு" என்றான் அவன். வகுப்பில் சத்தமே இல்லை. பின் பெஞ்சிலிருந்து "தண்ணிகூடவா தரமாட்டீங்க?" என்று ஒரு குரல். அதற்குப் பதிலாக இன்னொரு குரல், "அவங்க மட்டும் சோறு போட்டவங்களைப் பிடிக்கலையா?" மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் "நடந்தது", வலப்பக்கம் "நாம் சேர்த்தது". நடித்த ஒவ்வொன்றையும் பிள்ளைகளே எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். கலெக்டர் உத்தரவு இடப்பக்கம். கல்யாண வீடு வலப்பக்கம். திண்ணையில் தண்ணீர் கேட்ட கான்ஸ்டபிளும் வலப்பக்கம்தான். இந்தக் கோடு போடாவிட்டால் பரீட்சைத் தாளில் நம் முன்சீப் மகள் சரித்திரப் பாத்திரமாக வந்து நிற்பாள். நடித்தது படித்ததைவிட நன்றாக மனதில் ஒட்டிக்கொள்ளும், அதுதான் இந்த முறையின் ஆபத்தும்கூட.

அப்போதுதான் வைரப்பன் கதையைச் சொல்வேன். வேதாரண்யத்தில் சவரத் தொழில் செய்தவர். தொண்டர்களை அடிக்கும் போலீஸுக்குச் சவரம் செய்வதில்லை என்று அங்கே நாவிதர்கள் முடிவெடுத்திருந்தார்கள். சாதாரண உடையில் வந்த ஆள் போலீஸ் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் வைரப்பன். சிறைக்கும் போனார். அவருக்கு அந்த ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது.

பாட்டியாக நடித்த பெண் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, இடப்பக்கம் "பாதிச் சவரம்" என்று எழுதினாள். கான்ஸ்டபிளாக நடித்த பையன், "டீச்சர், அந்தப் போலீஸ்காரர் மீதி முகத்தோட எப்படி ஸ்டேஷனுக்குப் போயிருப்பாரு?" என்று கேட்டான். அடுத்த வகுப்புக்கான காட்சி அதுவாகவே அமைந்தது.

சேலையூர் டீச்சரம்மா, உன் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர் என்றாய். நான்கு குழு நடிக்கட்டும், மற்றவர்கள் தெருவில் நிற்கும் ஊர் ஜனம். அவர்களும் கேள்வி கேட்கலாம் என்று சொல்லிவிடு. பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லி வை.