மோகனத்துக்கு நான்கு குரல்

கரமனையில் தமிழ்ப் பாடலுக்குப் பழைய வேர் உண்டு. ஆற்றங்கரை அக்கிரகாரங்களின் பஜனை மரபும் நீலகண்ட சிவனின் (1839–1900) பெயரும் அந்த ஊரோடு சேர்ந்தே நினைவுக்கு வருபவை. ஆனால் அந்த மரபில் எத்தனை பேர் கூடிப் பாடினாலும் பாட்டு ஒன்றே. எல்லோருக்கும் ஒரே வரிசை. அதே ஊரில் பதினொரு பேர் கொண்ட ஒரு சிறு தேவாலயப் பாடகர் குழுவுக்காக, தமிழ்க் கீர்த்தனை ஒன்றை நான்கு குரலுக்குப் பிரிக்க வேண்டிய வேலை ஓர் ஆய்வு மாணவரிடம் வந்தது. மேற்குரலில் பெண்கள் நால்வர், ஆல்டோவில் மூவர், டெனரில் இருவர், பாஸில் இருவர். சபையார் அந்தப் பாடலைச் சிறுவயது முதல் அறிந்தவர்கள். குழு பாடும்போது அவர்களும் சேர்ந்து பாடுவார்கள். இசையமைப்பு அவர்களை வாயடைக்கச் செய்துவிட்டால் வேலை தோற்றதாகவே பொருள்.

மெட்டு எளியது, மோகன ராகம், நான்கு எண்ணிக்கைத் தாளம். முதல் அடியின் சுருக்கம் இது: ஸ ரி க க, ப த ப, பிறகு க ப க ரி, ஸ. எளிமைதான் இங்கே சிக்கல். மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் இல்லை. மேலை இசைவு முறையோ அந்த இரண்டு சுரங்களின் மேல்தான் பெரிதும் நிற்கிறது. ரிஷபம் வந்தால் பாடநூல் கேட்கும் கூட்டு ப நி ரி. தைவதம் வந்தால் ம த ஸ. முதல் வரைவு அப்படித்தான் எழுதப்பட்டது. ஒத்திகையில் அது பிழையின்றி ஒலித்தது. கிறிஸ்துமஸ் கேரல் போலவும் ஒலித்தது. ஆல்டோவில் பாடும் மூத்த அம்மையார் ஒருவர் மட்டும் தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம பாட்டு இல்லையே."

அவர் இலக்கணம் பேசவில்லை. ஆயினும் அவர் சுட்டிய இடம் மிகத் துல்லியமானது: அடியின் இறுதியில் ஆல்டோ பாடிய நிஷாதம். நிஷாதம் மேல் ஷட்ஜத்தை நோக்கித் தள்ளும் சுரம். அது ஒருமுறை காதில் விழுந்தால், கேட்பவர் மனம் மோகனத்தை விட்டுச் சங்கராபரணத்தில் போய் உட்கார்ந்துவிடும். மேற்குரல் ஒரு சுரம்கூட மாறாமல் பாடிக்கொண்டிருக்க, கீழே ராகம் மாறிவிடுகிறது.

ஆகவே கேள்வி வேறு விதமாகக் கேட்கப்பட்டது. மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் முழுமையான மூன்றுசுரக் கூட்டுகள் எத்தனை? இரண்டே: ஸ க ப, த ஸ க. இவற்றோடு, மூன்றாம் சுரம் இல்லாத திறந்த அடுக்குகள் சில கிடைக்கும். கஞ்சமான கையிருப்புதான், ஆனால் இந்த மெட்டுக்குப் போதும்.

தைவதம் வரும் இடத்தை முதலில் பார்க்கலாம். மேற்குரல் ப த ப என்று ஏறி இறங்குகிறது. அதன் கீழே ஆல்டோ காந்தாரத்தில் அசையாமல் நிற்கிறது. டெனர் மத்திய ஷட்ஜத்தில் நிற்கிறது. பாஸ் மட்டும் கீழ் ஷட்ஜத்திலிருந்து மந்திரத் தைவதத்துக்கு இறங்கி மீண்டும் ஏறுகிறது. மேற்குரல் ஏறும்போது பாஸ் இறங்குவதால் இரண்டும் ஒன்றையொன்று நகலெடுப்பதில்லை. இடைக்குரல்கள் இரண்டும் ஒரு சுரமும் மாறாமலே கூட்டு ஸ க ப-விலிருந்து த ஸ க-வாகிவிடுகிறது. மத்தியமம் தேவைப்படவே இல்லை.

இறுதி ரிஷபம் இதைவிடக் கடினம். அங்கே பாஸ் மந்திரப் பஞ்சமத்தையும் டெனர் அதற்கு மேலுள்ள பஞ்சமத்தையும் பாட, ஆல்டோ நிஷாதத்துக்குப் பதிலாக முந்தைய ஷட்ஜத்தையே பிடித்துக்கொள்கிறது. ஷட்ஜமும் ரிஷபமும் அடுத்தடுத்து ஒலிப்பதால் சிறு உராய்வு எழும். அடுத்த எண்ணிக்கையில் மேற்குரல் ஷட்ஜத்துக்கு இறங்கி ஆல்டோவோடு ஒன்றாகிறது, டெனர் காந்தாரத்துக்கு இறங்குகிறது, பாஸ் கீழ் ஷட்ஜத்துக்கு ஏறுகிறது. முடிவைத் தள்ளிக்கொண்டு வர நிஷாதம் இல்லை. அந்த உராய்வு கரைவதே முடிவாகிறது. ஆல்டோ தயங்கினால் மட்டும் இது பிழையாகக் கேட்கும். எனவே அந்த மூவரிடமும் 'நகராதீர்கள், மேற்குரல் உங்களிடம் வரும்' என்று சொல்லவேண்டியிருந்தது.

முதல் நான்கு எண்ணிக்கைகளில் பாஸுக்குக் கீழ் ஷட்ஜம் தவிர வேறெதுவும் இல்லை. தம்புராவின் வேலை அது. பாஸில் பாடிய இருவருக்கும் இது சலிப்பூட்டியது. மெட்டைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர்கள் ஆதலால், கவனம் தப்பினால் ஸ ரி க என்று மெட்டோடு ஒரு ஸ்தாயி கீழே ஏறிவிடுவார்கள். யாரும் தவறாகப் பாடியதாக அப்போது தோன்றாது. ஒலி திடீரென மெலிந்துபோனது போல இருக்கும், அவ்வளவுதான். நான்கு குரல் மூன்றாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த இடத்தில் பாஸ் நிலைத்து நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சபையார் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கியே ஏறுவார்கள். அந்தக் கமகத்தைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. மெட்டு அசையும் இடத்தில் கூட்டு நிற்கவேண்டும். மெட்டு நிற்கும் இடத்தில் கூட்டு மாறலாம்.

சுருதியை முடிவு செய்தது மேற்குரல் அல்ல, பாஸின் மந்திரப் பஞ்சமம். இரண்டு கட்டையில் அந்தப் பஞ்சமம் காற்றாகத்தான் வெளிவந்தது. மூன்று கட்டைக்கு உயர்த்தியதும் சுரமாயிற்று. மேற்குரலின் தைவதம் அப்போதும் எட்டும் உயரத்திலேயே இருந்தது. ஒத்திகையை விசைப்பலகையோடு நடத்தாமல் சுருதிப் பெட்டியோடு நடத்தினார்கள். விசைப்பலகையின் காந்தாரம் இயல்பான காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல். டெனர் இருவரும் அதைக் கேட்டுப் பழகினால் இறுதிக் கூட்டு தெளியாது.

எதிர்பாராத வேலை ஒன்று எழுத்தில் வந்தது. குழுவில் பாதிப்பேருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பாடல் வரிகள் அவர்களுக்கு மலையாள எழுத்தில் தரப்பட்டன. 'காற்று' என்ற சொல்லை அந்த எழுத்தில் கண்டவர்கள் ற்ற-வை மலையாள முறையில் நுனிநாக்கு டகரம் போல ஒலித்தார்கள். தமிழில் படித்தவர்களிடம் ரகரச் சாயல் இருந்தது. ஒரே வரிசையில் எல்லோரும் பாடினால் இது கூட்டத்தில் மறைந்துவிடும். குரலுக்கு இருவர் மூவர் மட்டும் பாடும்போது மறையாது. நெடிய சுரத்தில் முடியும் 'ம்', 'ல்' ஆகியவற்றுக்கும் இதே நிலைதான்: நான்கு குரலும் நான்கு நேரத்தில் வாயை மூடினால் கூட்டு உதிர்வது தெளிவாகக் கேட்கும். அதனால் மெய்யெழுத்து எந்த எண்ணிக்கையில் விழவேண்டும் என்று தாளிலேயே தனியாகக் குறிக்கப்பட்டது. தமிழ்ப் பாடல்களைப் பல்குரலில் அமைத்த எம். பி. சீனிவாசனின் சென்னை இளைஞர் இசைக்குழுப் பதிவுகளைக் கேட்பவர்கள், சொற்கள் எவ்வளவு ஒருமித்து முடிகின்றன என்பதைக் கவனிக்கலாம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. இரண்டே கூட்டுகளை வைத்து மூன்று சரணங்களைத் தாண்டினால் காது சோர்ந்துவிடும். எனவே முதல் சரணம் ஒரே குரலில், சுருதிப் பெட்டியோடு மட்டும். நான்கு குரல் இரண்டாவதிலிருந்துதான். கடைசிச் சரணத்தில் மட்டும் அந்த நிஷாதத்தைச் சேர்க்கலாமா என்ற விவாதம் குழுவில் இன்னும் ஓயவில்லை. டெனர் இருவரும் சேர்க்கவேண்டும் என்கிறார்கள். ஆல்டோ தாளில் அது பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அந்த அம்மையாரின் தாளில் மட்டும் அழிக்கப்பட்டிருக்கிறது.