ரிக்வெஸ்ட் பெட்டிக்குள் கிடந்த இரண்டு கல்யாணம்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் யாராவது கெமரா தூக்கிக்கொண்டு திரிகிற வீடாக இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

எங்களிடம் படித்த ஒரு பையன் எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறான். உம்மா கொழுந்து பறிக்கிறவர் என்று எழுத வந்தோம், அவன் அம்மா என்றுதான் சொல்வான். அந்த அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் கெமரா எடுத்தான். எட்டு மாதம் கழிந்தும் வட்டி மட்டும்தான் கட்ட முடிந்திருந்தது. "சேர், கட்டாருக்குப் போகப் போறேன், கெமராவ வித்துட்டு" என்று ஒரு நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து நின்றான்.

அவன் எடுக்கிற படங்கள் நல்லவை. நாங்கள் இருவரும், நானும் வீட்டு டீச்சரும், அவனுடைய இன்ஸ்டகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். லைக் நிறைய விழும். ஆனால் மாதத்துக்கு ஒரு வேலை வருவதும் கஷ்டம். "பக்கத்துக்கு ஆள் வாறதா?" என்று டீச்சர் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. கணக்கை 'ப்ரொஃபெஷனல்' என்று மாற்றி வைத்திருந்தால் அந்த எண்ணிக்கையை அதுவே காட்டும். நல்லவேளை, மாற்றி வைத்திருந்தான். முந்திய 30 நாளில் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் நானூறுக்குக் கிட்ட. அதில் லிங்க்கைத் தட்டியவர்கள் மூன்று பேர்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வருத்தம் எங்கே என்று தெரிந்துவிடும். ஆளே வரவில்லை என்றால் போடுகிற படத்தில், நேரத்தில் பிழை. ஆள் வந்து தட்டாமல் போனால் பயோவில் பிழை. தட்டி, பேசி, பிறகு காணாமல் போனால் விலையிலோ பதில் சொல்கிற விதத்திலோ பிழை. இவனுடையது நடுவில் உள்ளது. வாசல் வரை வந்த நானூறு பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

பயோவில் என்ன இருந்தது தெரியுமா? "கனவுகளைக் கெமராவில் பிடிப்பவன். ஒவ்வொரு நொடியும் ஒரு கதை. புக்கிங்குக்கு இன்பொக்ஸ்." முழுக்க இங்கிலீஷில். இப்படித்தான் நூறு பேருடைய பயோவும் இருக்கும். தெரணியகலையில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு தகப்பனுக்கு இதில் என்ன தெரியும்? இவன் எங்கே இருக்கிறான், கல்யாணம் எடுப்பானா, எங்கள் பக்கம் வருவானா, எவ்வளவு ஆகும் என்று ஒன்றுமே இல்லை.

"இன்பொக்ஸ் வாங்க" என்று போட்டதில் இன்னொரு பொறி இருந்தது. நாம் ஃபொலோ பண்ணாத ஒருவர் மெசேஜ் போட்டால் அது நேரே இன்பொக்ஸுக்கு வராது, 'ரிக்வெஸ்ட்' என்ற தனிப் பெட்டிக்குள் போய்க் கிடக்கும். திறந்து பார்க்கச் சொன்னோம். இருபதுக்கு மேலே கிடந்தது. பாதி குப்பை. ஆனால் இரண்டு கல்யாணம் இருந்தது. ஒன்று ருவன்வெல்ல, ஒன்று தெஹியோவிட்ட. இரண்டு திகதியும் முடிந்து போயிருந்தது. பையன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தான். டீச்சர் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

அன்றிரவே புதிதாக எழுதவில்லை. முதலில் அவனுடைய வட்ஸ்அப்பைத் திறந்து, இதுவரை விசாரித்தவர்கள் முதன்முதலில் என்ன கேட்டார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதினோம். முப்பது பேர் அளவில் பார்த்தோம். யாரும் "உங்கள் ஸ்டைல் என்ன" என்று கேட்கவில்லை. "இந்தத் திகதி ஃப்ரீயா", "எவ்வளவு", "எங்க ஊருக்கு வருவீங்களா", இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு அடுத்ததாக மழை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத்தில் கல்யாணம் வைக்கிறவன் மழையைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பான்?

அந்த மூன்று கேள்விக்கும் பதில்தான் பயோ. ஆனால் இடம் கொஞ்சம். இன்ஸ்டகிராம் 150 குறி மட்டும்தான் தரும். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கல்யாணம்' நமக்கு ஐந்து எழுத்து. போனுக்கு அது எட்டு, ஏனென்றால் புள்ளியையும் அரவையும் தனித்தனியாக எண்ணும். அதனால் தமிழில் 150 என்பது பதினைந்து, இருபது சொல்தான். அலங்காரத்துக்கு இடமே இல்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். பேஸ்புக் பேஜில் முகப்பில் வருகிற அறிமுக வரிக்கு இன்னும் குறைவு, 101.

நாலு வரியில் இப்படி வந்தது:

கல்யாணம், சடங்கு, பிறந்தநாள் படங்கள்
எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை
அரை நாள் ரூ. 25,000 முதல்
திகதி இருக்கா? வட்ஸ்அப் பண்ணுங்க

எண்ணிப் பார்த்தால் 135. 'இலங்கை முழுவதும் வருவோம்' என்று போடத்தான் அவனுக்கு ஆசை. வேண்டாம் என்றோம். இலங்கை முழுவதும் என்று போட்டால் தெரணியகலைக்காரருக்கு இவன் தன் ஊர் ஆள் என்று தெரியாது. தூரத்தில் இருந்து கூப்பிடுகிறவர் எப்படியும் கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுவார்.

பயோவுக்கு மேலே பெயர் எழுதுகிற கட்டம் ஒன்று இருக்கிறதே, தேடலில் அதுவும் அகப்படும். அதில் பெயரை மட்டும் போட்டு வைத்திருந்தான். பெயரோடு 'வெடிங் போட்டோகிராபி எட்டியாந்தோட்டை' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்தோம், ஏனென்றால் நம் ஆட்களும் சிங்கள ஆட்களும் தேடும்போது அப்படித்தான் அடிப்பார்கள். இதை யோசித்துச் செய்யுங்கள். 14 நாளுக்குள் இரண்டு முறைதான் மாற்ற விடும்.

விலை போடுவதில்தான் பெரிய வாக்குவாதம் வந்தது. "சேர், மத்தவன் பாத்துட்டு ரெண்டாயிரம் கொறச்சுப் போடுவான்" என்றான். போடுவான்தான். ஆனால் தோட்டத்துக் குடும்பம் விலை தெரியாத இடத்தில் கேட்கவே கேட்காது, கேட்டுவிட்டு ஏலாது என்று சொல்ல வெட்கம். 2024இல் தோட்டச் சம்பளம் ஒரு நாளைக்கு 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 25,000 என்பது பதினெட்டு நாள் கொழுந்துக்கும் மேல். அதை முன்னாலேயே தெரிந்துகொண்டு, வீட்டில் பேசி, முடியும் என்று முடிவெடுத்தவர்தான் மெசேஜ் போடுவார். விசாரணை எண்ணிக்கை குறையலாம், வருகிறது வேலையாகும். 'முதல்' என்ற சொல் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். அல்பம், முழு நாள், தூரம் எல்லாம் அதற்கு மேலே வரும்.

லிங்க்கில் ஒரு சின்னப் பிழை இருந்தது. 94க்குப் பிறகு 077 என்று சைபரோடு போட்டிருந்தான், தட்டினால் அந்த நம்பர் வட்ஸ்அப்பில் இல்லை என்று வரும். சைபரும் கூட்டல் குறியும் இல்லாமல் இப்படி இருக்க வேண்டும்:

```
https://wa.me/947XXXXXXXX
```

போட்ட பிறகு வேறு ஒருவருடைய போனில் தட்டிப் பாருங்கள். வட்ஸ்அப் பிஸ்னஸ் வைத்திருந்தால் அதிலேயே குறுகிய லிங்க் ஒன்று எடுத்து, தட்டியதும் எழுதியபடி வருகிற மெசேஜையும் வைக்கலாம். 'திகதி, ஊர், என்ன விசேஷம்' என்று மட்டும் வைத்தோம். வெறும் 'ஹாய்' வருவது குறைந்தது.

இனி பின் போஸ்ட். இன்ஸ்டகிராமில் மூன்று பதிவு வரை மேலே குத்தி வைக்கலாம். அவன் குத்தி வைத்திருந்தது கித்துல்கலை ஆற்றங்கரையில் எடுத்த ஒரு ப்ரீ ஷூட், பொழுது சாய்கிற நேரம், அழகோ அழகு. ஆனால் அது எல்லாரும் எடுக்கிற படம். லயத்துக் காம்பராவுக்குள், ஒரு குண்டு பல்ப் வெளிச்சத்தில், மழை கொட்டுகிற காலையில் இவன் ஒரு பொண்ணை எப்படி எடுப்பான் என்பதுதான் இங்கே இருக்கிறவர்களின் பயம். அப்படி ஒரு கல்யாணத்தை எடுத்தும் இருந்தான், ஆனால் 'வெளிச்சம் சரியில்ல' என்று பக்கத்தில் போடவில்லை!

அந்தக் கல்யாணத்தைத்தான் பின் போஸ்ட் ஆக்கினோம். எட்டுப் படம், காலை அலங்காரத்தில் இருந்து பொண்ணு வேனில் ஏறும் வரை வரிசையாக. எழுத்தில் முதல் வரிதான் முக்கியம், மிச்சத்தை 'மேலும்' என்று மடித்துவிடும். "மழை, சின்ன வீடு, வேன் போகாத பாதை. அன்றைக்கு எடுத்த படங்கள் இவை." அதற்குக் கீழே எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை படம் கொடுத்தான், எத்தனை நாளில் கொடுத்தான், அட்வான்ஸ் எவ்வளவு, மழைக்கு என்ன கொண்டு வருவான் என்பது. கடைசி வரியில் ஒரே ஒரு வேலை: பயோவில் உள்ள லிங்க்கைத் தட்டித் திகதியை அனுப்புங்கள். இன்ஸ்டகிராமில் பதிவுக்குள் லிங்க் ஒட்டினால் தட்டுப்படாது, வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். அதனால்தான் பயோவைக் காட்ட வேண்டியிருக்கிறது. பேஸ்புக்கில் பதிவுக்குள்ளேயே போடலாம். இரண்டாவது பின் போஸ்ட் இதையே சிங்களத்தில், ஒரு சிங்கள வீட்டுக் கல்யாணத்தோடு. 150 குறிக்குள் மூன்று மொழியைத் திணிப்பதை விட இது நல்லது.

மூன்றாவதைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். போன வருடம் எங்கள் ஆட்கள் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்குப் போனவன், மணப்பெண்ணின் படத்தைக் கேட்காமல் பக்கத்தில் போட்டுவிட்டான். அந்த வீட்டார் கொதித்துப் போனார்கள். அழித்தான், மன்னிப்பும் கேட்டான். ஆனால் அதற்குப் பிறகு நம்மவர் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. டீச்சர்தான் சொன்னார், அதை மறைக்காமல் விதியாக எழுது மகன் என்று. மூன்றாவது பின் போஸ்டில் ஆள் படமே இல்லை, மருதாணிக் கை, மோதிரம், அல்பத்தின் அட்டை. எழுத்து இவ்வளவுதான்: "நீங்கள் வட்ஸ்அப்பில் எழுத்தில் சம்மதம் தராமல் உங்கள் வீட்டுப் படம் ஒன்றும் இங்கே வராது. பெண்கள் பக்கம் எடுக்கப் பெண் ஒருவர் வருவார், முன்கூட்டியே சொல்லுங்கள்." அந்தப் பெண் அவனுடைய மச்சாள். அவளுக்குக் கெமரா பழக்கி மூன்று மாதம் ஆகியிருந்தது, அது உண்மையாக இருந்தபடியால்தான் எழுத விட்டோம். முதல் போஸ்டில் உள்ள கல்யாண வீட்டாரிடமும் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் போட்டான்.

முதல் இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். பையன் பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்து வைத்துவிட்டான். பிறகு தட்டுகிறவர்கள் கூடினார்கள், அந்த மாதம் முடிய முப்பத்தொரு பேர். அதில் பாதி, இவன் ஷூட்டில் நிற்கும்போது மெசேஜ் போட்டு, இரவு பதில் போகுமுன் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். வட்ஸ்அப் பிஸ்னஸில் தானாகப் போகிற வரவேற்பு மெசேஜை வைத்து, 'இன்று வேலையில் இருக்கிறேன், இரவு 8 மணிக்குள் திகதி பார்த்துச் சொல்கிறேன்' என்று போட்ட பிறகு சிலர் காத்திருந்தார்கள்.

அந்த மாதம் நான்கு வேலை உறுதியானது. ஒன்று மாவனல்லையில் ஒரு நிக்காஹ், மூன்றாவது பின் போஸ்டைப் பார்த்துவிட்டு மணப்பெண்ணின் சாச்சிதான் பேசினார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது, முதலில் கொஞ்சம் கட்டியிருக்கிறான்.

நேற்று ஒரு மெசேஜைக் காட்டினான். தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டம். "தம்பி, எங்க லயத்து வாசல் சின்னம், அதுல எடுக்க ஏலுமா?" பின் போஸ்டின் நான்காவது படத்தைத் திருப்பி அனுப்பி, "இதே அளவு வாசல் தானே அண்ணே?" என்று கேட்டிருந்தான். அட்வான்ஸ் எப்படி அனுப்புவது என்று அடுத்த மெசேஜ் வந்திருந்தது.